ரவுட்டர் ரீசெட்: பேக்கப் ஃபைல் கையில் இருந்தால் மட்டும் போதுமா?

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சுற்றுலா வருபவர்களுக்கு அது வண்டியை நிறுத்தி போட்டோ எடுக்கும் இடம். செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வாங்கியவருக்கு அது வேறு கணக்கு. நெட் போய், அதைச் சரிசெய்ய வேண்டிய டெக்னீஷியன் மலைக்குக் கீழே இருந்தால், அவர் அத்தனை வளைவுகளையும் ஏறி வர வேண்டும். மழை நாளாக இருந்தால் "நாளைக்குப் பார்க்கலாம் சார்" என்பதுதான் பதில். அந்த நாளை சில சமயம் மூன்று நாளாகவும் ஆகும்.

அவர் மேலே ஏறி வந்து செய்யும் வேலை என்ன என்று பார்த்தால் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும். கேபிள் அறுந்திருந்தால் ஒட்டுவார், அது நியாயமான வேலை. ஆனால் ரவுட்டரை யாரோ ரீசெட் செய்துவிட்டதால் நெட் போயிருந்தால், போனை எடுத்து நாலைந்து விவரங்களை டைப் செய்துவிட்டுக் கிளம்புவார். பத்து நிமிட வேலை. அந்த நாலைந்து விவரங்கள் வீட்டுக்காரர் கையில் இருந்திருந்தால் அவர் வந்திருக்கவே வேண்டியதில்லை.

"செட்டிங்ஸை பேக்கப் எடுத்து வைங்க" என்ற அறிவுரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த பேக்கப் ஃபைல் எந்த நேரத்தில் உதவாது என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை. மலை மேல் இருப்பவருக்கு ஃபைலைவிட ஒரு தாள் பெரிய காப்பு. அந்தத் தாளை எழுதிக் கொடுக்க வேண்டியது இணைப்பு கொடுத்தவரின் கடமை.

ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு

முதல் குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. "ரவுட்டரை ஒரு தடவை ரீசெட் பண்ணிப் பாருங்க" என்று போனில் சொல்பவர், பெரும்பாலும் சொல்ல வருவது பவரை அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள் என்பதைத்தான். அது ரீஸ்டார்ட். அதனால் எந்த செட்டிங்கும் அழியாது. ஆனால் கேட்பவர் ரவுட்டரைத் திருப்பிப் பார்க்கிறார். பின்பக்கம் சின்னத் துளை, பக்கத்திலேயே RESET என்று எழுதியிருக்கிறது. ஒரு சேஃப்டி பின்னை எடுத்து அதற்குள் விட்டு, எல்லா விளக்குகளும் ஒருமுறை அணைந்து எரியும்வரை பத்து விநாடி அழுத்துகிறார். அவ்வளவுதான். பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நாளுக்குத் திரும்பிவிட்டது.

இதில் இன்னொரு வேதனை உண்டு. நெட் போனதற்கு ரவுட்டர் காரணமாக இல்லாத நேரத்திலும் இந்தத் துளையில் பின் இறங்குகிறது. ஃபைபர் பெட்டியில் LOS என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ, கண்ணாடி இழை வழியாக ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். மரக்கிளை விழுந்து கேபிள் அறுந்திருக்கலாம், கம்பத்தில் இணைப்பு கழன்றிருக்கலாம், சுவர் மூலையில் இழை மடங்கியிருக்கலாம். பெட்டிக்குள் இருக்கும் செட்டிங்கில் எதை மாற்றினாலும் அது சரியாகப் போவதில்லை. அந்த நேரத்தில் ரீசெட் செய்தால் ஒரு கோளாறு இரண்டாகிறது. லைன்மேன் வந்து கேபிளை ஒட்டிவிட்டுப் போன பிறகும் நெட் வராது. "கேபிள் சரியா இருக்கு, இங்கிருந்து சிக்னல் காட்டுது" என்று அவர் சொல்வதும் உண்மை. "நெட் வரல" என்று வீட்டுக்காரர் சொல்வதும் உண்மை.

ரீசெட்டில் எது அழிகிறது?

செம்மேடு பக்கம் எட்டு அறை கொண்ட ஒரு சின்ன விடுதியை எடுத்துக்கொள்வோம். கற்பனை விடுதிதான், ஆனால் இணைப்பு அமைந்திருக்கும் விதம் பல இடங்களில் பார்க்கக்கூடியது. உள்ளூர் ஆபரேட்டர் கொடுத்த ஃபைபர் பெட்டி ஒன்று. ரவுட்டரும் வைஃபையும் அதற்குள்ளேயே இருக்கின்றன. விருந்தினருக்கு ஒரு வைஃபை பெயர், அலுவலகத்துக்கு இன்னொன்று. நாலு கேமராவும் அவற்றுக்கு ஒரு டி.வி.ஆர். பெட்டியும். பில் போடும் பிரிண்டர் வைஃபையில் இயங்குகிறது.

பெட்டியை ரீசெட் செய்ததும் மூன்று விஷயங்கள் போய்விடும். ஒன்று, வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள பழைய பெயருக்கே அது திரும்பிவிடும். இரண்டு, பெட்டியின் சொந்த முகவரி. மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமானது: ஆபரேட்டரின் நெட்வொர்க்கில் நுழைவதற்கான விவரங்கள். இதை WAN செட்டிங் என்பார்கள்.

இந்த WAN பக்கத்தில் பெரும்பாலான உள்ளூர் ஃபைபர் இணைப்புகளில் இருப்பவை குறைவுதான். இணைப்பு வகை PPPoE. அதற்கு ஒரு யூசர்நேம், ஒரு பாஸ்வேர்டு. VLAN ID என்று ஓர் எண். ஒரே இழையில் இன்டர்நெட், போன், டிவி என்று பல சேவைகள் தனித்தனிப் பாதையில் போகலாம் என்பதால், இன்டர்நெட் எந்தப் பாதையில் வருகிறது என்று இந்த எண் சொல்கிறது. இது ஊருக்கு ஊர், ஆபரேட்டருக்கு ஆபரேட்டர் மாறும். யூகித்துக் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்து டவுனில் இருக்கும் நண்பரின் எண் இங்கே வேலை செய்யும் என்று நம்ப முடியாது.

எல்லா இணைப்பும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய நிறுவனங்கள் தரும் சில பெட்டிகள் ரீசெட் ஆனதும் தாங்களாகவே நிறுவனத்தின் சர்வரைத் தொடர்புகொண்டு WAN விவரங்களை இறக்கிக்கொள்ளும். அவர்களின் வாடிக்கையாளருக்கு ரீசெட்டில் போவது வைஃபை பெயரும் சொந்தமாகச் செய்த சில மாற்றங்களும் மட்டுமே. உங்கள் பெட்டி எந்த வகை என்பதை ரீசெட் செய்து பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. இணைப்பு கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டாலே போதும்.

பேக்கப் ஃபைல் எடுப்பது சுலபம்தான்

ரவுட்டரின் வைஃபையில் போனையோ லேப்டாப்பையோ இணைத்து, பிரவுசரில் அதன் முகவரியை டைப் செய்ய வேண்டும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. சரியான முகவரி ஸ்டிக்கரில் இருக்கும். ஸ்டிக்கரில் உள்ளது வேலை செய்யவில்லை என்றால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். அப்போது போனின் வைஃபை விவரங்களில் Gateway அல்லது Router என்று இருப்பதுதான் உண்மையான முகவரி. உள்ளே நுழைந்ததும் System Tools, Management, Administration, Maintenance என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் இருக்கும் பகுதிக்குள் Backup & Restore கிடைக்கும். சிலவற்றில் Save Settings என்று இருக்கும். அழுத்தினால் config.bin போன்ற ஒரு சின்ன ஃபைல் டவுன்லோடு ஆகும். ஒரு நிமிட வேலை.

அதை config.bin என்ற பெயரிலேயே விட்டுவிடுவது தவறு. அடுத்த முறை எடுப்பது config(1).bin ஆகிவிடும். ஆறு மாதம் கழித்து எது எது என்று தெரியாது. தேதியும், எந்த மாற்றத்துக்கு முன்னால் எடுத்தது என்பதும் பெயரிலேயே இருக்கட்டும்:

```
2025-06-14_lodge_before-update.bin
```

எப்போது எடுப்பது? ரவுட்டரில் எதையாவது மாற்றப் போகும் முன். ஃபர்ம்வேர் அப்டேட் செய்யும் முன் கண்டிப்பாக. சில அப்டேட்கள் முடிந்த பிறகு பெட்டி பழைய செட்டிங்கை மறந்துவிடும். மாற்றிய பிறகு எடுத்த பேக்கப்பில், மாற்றியபோது செய்த தவறும் சேர்ந்தே சேமிக்கப்பட்டிருக்கும். அதை ரீஸ்டோர் செய்தால் தவறும் திரும்ப வரும். அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நாளில் எடுத்ததுதான் நல்ல பேக்கப்.

ஆனால் ஃபைல் எங்கே கைவிடும்?

முதலாவது, அது எங்கே இருக்கிறது என்பது. கூகுள் டிரைவில் போட்டு வைத்த பேக்கப்பை எடுக்க நெட் வேண்டும். நெட் போனதால்தான் அது தேவைப்படுகிறது. நகரத்தில் போன் டேட்டாவைப் போட்டு இறக்கிக்கொள்ளலாம். மலையில் எல்லா மூலையிலும் சிக்னல் கிடைப்பதில்லை. பலர் ஃபைபர் போட்டதே சிக்னல் இல்லாததால்தான். எனவே ஃபைல் போனின் உள்ளேயே, இல்லையென்றால் ஒரு பென் டிரைவில் இருக்க வேண்டும். டிரைவில் ஒரு நகல் இருந்தால் தவறில்லை, அது மட்டுமே இருக்கக் கூடாது.

இரண்டாவது, அந்த ஃபைல் அதே மாடலுக்கு மட்டும்தான். ஒரு கம்பெனி ரவுட்டரில் எடுத்ததை இன்னொரு கம்பெனி ரவுட்டர் ஏற்காது. ஒரே கம்பெனியின் வேறு மாடலும் ஏற்காது. ஒரே மாடலிலேயே ஹார்டுவேர் வெர்ஷன் மாறினால் சந்தேகம்தான். கோடை மழையில் இடி இறங்கி பெட்டி எரிந்துபோனால், மாற்றாக வருவது பெரும்பாலும் ஆபரேட்டர் கையில் அப்போது இருக்கும் ஏதோ ஒரு மாடல். பத்திரமாக வைத்திருந்த config.bin அன்றைக்கு வெறும் ஞாபகப் பொருள்.

மூன்றாவது, பல ஃபைபர் பெட்டிகளில் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் லாகினில் பேக்கப் மெனுவே தெரியாது. அது டெக்னீஷியனின் லாகினில்தான் இருக்கும். இணையத்தில் அந்த ரகசிய பாஸ்வேர்டுகளைத் தேடி முயன்று பார்ப்பவர்கள் உண்டு. அது கிடைத்தாலும், தெரியாத பக்கத்தில் ஒரு பெட்டியை டிக் செய்து இணைப்பையே அறுத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இந்த ஃபைலில் உங்கள் வைஃபை பாஸ்வேர்டும் இணைப்பின் பாஸ்வேர்டும் இருக்கின்றன. பல ரவுட்டர்களின் ஃபைலைத் திறந்து பாஸ்வேர்டுகளைக் காட்டும் இலவச சாஃப்ட்வேர்கள் பல ஆண்டுகளாகவே இருக்கின்றன. "ரவுட்டர் பிரச்னை, யாராவது பாருங்க" என்று குரூப்பில் போடும் ஃபைல் அல்ல அது.

தாளில் என்ன எழுத வேண்டும்?

ஃபைல் கைவிடும் இத்தனை இடத்திலும் உதவுவது கையால் எழுதிய ஒரு தாள். அதற்கு மாடல் தெரியாது, வெர்ஷன் தெரியாது. எந்தப் புது ரவுட்டரிலும் அதைப் பார்த்து டைப் செய்யலாம். நம் விடுதிக்கு அந்தத் தாள் இப்படி இருக்கும்:

```
WAN: PPPoE
Username: (ஆபரேட்டர் தந்தது)
Password: (ஆபரேட்டர் தந்தது)
VLAN ID: (ஆபரேட்டர் தந்தது)
LAN IP: 192.168.0.1
DVR IP: 192.168.0.50
WiFi 1: (பெயர், பாஸ்வேர்டு)
WiFi 2: (பெயர், பாஸ்வேர்டு)
PON SN: (ஸ்டிக்கரில் உள்ளது)
```

இதை எழுதுவதற்குப் பதில் ரவுட்டர் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதாதா என்று தோன்றும். பாதி போதும். பாஸ்வேர்டு இருக்கும் இடத்தில் புள்ளிகள்தான் பதிவாகும். ரீசெட் செய்த பிறகு அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தால் எட்டு கறுப்புப் புள்ளிகள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் கண் மாதிரி ஒரு குறி இருந்தால் அதை அழுத்திப் பாஸ்வேர்டு தெரிந்த பிறகு எடுக்கலாம். இல்லையென்றால் ஆபரேட்டரைக் கேட்பதுதான் வழி. அதையும் இப்போதே, நெட் ஓடும்போதே கேட்க வேண்டும். புள்ளிகளின் எண்ணிக்கையை வைத்துப் பாஸ்வேர்டின் நீளத்தைக் கணக்குப் போடுவதும் வீண்தான். சில பெட்டிகள் எந்தப் பாஸ்வேர்டுக்கும் ஒரே எண்ணிக்கையில் புள்ளி காட்டும்.

கடைசி வரியில் உள்ள PON SN பெட்டியின் சீரியல் எண். இது ரீசெட்டில் அழியாது. ஆனால் பெட்டியே எரிந்து புதிது வாங்கும்போது இந்த வரி ஒரு மலைப் பயணத்தை மிச்சமாக்கும். ஃபைபர் நெட்வொர்க்கில் ஒவ்வொரு பெட்டியின் சீரியல் எண்ணையும் ஆபரேட்டர் தன் முனையில் உள்ள கருவியில் பதிந்திருப்பார். புதுப் பெட்டியின் அடியில் உள்ள எண்ணை போனில் படித்துச் சொன்னால், பழைய எண்ணை நீக்கிவிட்டுப் புதியதை அவர் தன் இடத்தில் இருந்தபடியே பதிந்துவிடலாம். அதன் பிறகு தாளில் உள்ளதை இங்கே டைப் செய்தால் வேலை முடிந்தது.

ரீசெட் ஆகிவிட்டது, இப்போது என்ன?

விடுதியில் ரீசெட் நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் LOS விளக்கைப் பாருங்கள். அணைந்திருந்தால் இழையில் ஒளி வருகிறது, மேலே தொடரலாம். சிவப்பாக இருந்தால் ரவுட்டரை விட்டுவிட்டு லைன்மேனைக் கூப்பிட வேண்டியதுதான்.

போனில் ஸ்டிக்கரில் உள்ள வைஃபை பெயரைத் தேடி இணைய வேண்டும். இங்கே பலர் மாட்டிக்கொள்வார்கள். இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று கண்டதும் போன் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். 192.168.1.1 என்று டைப் செய்தால் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். ரவுட்டர் கெட்டுவிட்டது என்ற முடிவுக்கு வந்து இன்னொரு முறை பின்னைக் குத்துவார்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். "இன்டர்நெட் இல்லை, இணைந்தே இருக்கவா?" என்று போன் கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். பக்கம் உடனே திறக்கும்.

அதே பெட்டி, அதே ஃபர்ம்வேர், பேக்கப் ஃபைலும் போனில் இருக்கிறது என்றால் Restore பகுதியில் அதைத் தேர்ந்தெடுத்து ஏற்றலாம். பெட்டி தானாக ரீபூட் ஆகும். ஓரிரு நிமிடம் பவரை அணைக்காமல் காத்திருக்க வேண்டும். பிறகு ஒரு குழப்பம் வரும்: திரையில் திறந்திருந்த பக்கம் உறைந்துபோயிருக்கும், வைஃபையும் துண்டாகியிருக்கும். ரீஸ்டோர் தோற்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை. வைஃபை பெயர் பழையதற்கு மாறிவிட்டது. பெட்டியின் முகவரியும் 192.168.1.1 என்பதிலிருந்து விடுதியின் பழைய 192.168.0.1 ஆகிவிட்டது. ரவுட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டும் பேக்கப் எடுத்த நாளில் இருந்ததுதான், ஸ்டிக்கரில் உள்ளது இல்லை. அந்தப் பழைய பாஸ்வேர்டு மறந்திருந்தால் மறுபடி ரீசெட்தான். அதனால் அதுவும் தாளில் ஒரு வரியாக இருக்கட்டும்.

ஃபைல் இல்லை, தாள் மட்டும்தான் என்றால் வரிசை முக்கியம். முதலில் WAN. இணைப்பு வகை, யூசர்நேம், பாஸ்வேர்டு, VLAN ID ஆகியவற்றைப் போட்டுச் சேமித்துவிட்டு Status பக்கத்துக்குப் போய் WAN முகவரியைப் பாருங்கள். 0.0.0.0 என்று இருந்தால் இன்னும் இணையவில்லை. authentication failed என்று காட்டினால் ஆபரேட்டரின் சர்வர் வரைக்கும் போய்விட்டீர்கள், யூசர்நேமிலோ பாஸ்வேர்டிலோ எழுத்துப் பிழை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, பூஜ்யமா O எழுத்தா என்று பாருங்கள். எந்தப் பிழையும் காட்டாமல் connecting என்றே நின்றால் சர்வரிடமிருந்து பதிலே வரவில்லை. VLAN எண்ணில்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். போனில் ஆபரேட்டரிடம் இந்த ஒரு வேறுபாட்டைச் சொன்னாலே அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

அடுத்தது பெட்டியின் LAN முகவரி. விடுதியின் டி.வி.ஆர். 192.168.0.50 என்ற நிலையான முகவரியில் உட்கார்ந்திருக்கிறது. பெட்டி 192.168.1.1-இல் இருக்கும்வரை இரண்டும் வெவ்வேறு தெருவில் இருக்கும் வீடுகள் மாதிரி, ஒன்றுக்கொன்று தெரியாது. நெட் வந்துவிட்டது, கேமரா மட்டும் வரவில்லை என்றால் பத்தில் எட்டு முறை காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று பந்தயமே கட்டலாம். பெட்டியின் முகவரியை 192.168.0.1 என்று மாற்றினால் டி.வி.ஆரைத் தொடவே வேண்டியதில்லை.

வைஃபை கடைசியில். இங்கே ஒரு சின்னத் தந்திரம் மணிக்கணக்கான வேலையை மிச்சமாக்கும். புதுப் பெயர் வைக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே வையுங்கள். பிரிண்டர், டிவி, வைஃபை கேமரா, ஊழியர்களின் போன் எல்லாம் எதுவுமே நடக்காதது போலத் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு எழுத்து மாறினாலும் ஒவ்வொன்றையும் தனித்தனியாக இணைக்க வேண்டும். சுவரின் மேல் மூலையில் இருக்கும் கேமராவுக்கு அதற்காக ஏணி போட வேண்டியிருக்கும்.

ரீஸ்டோர் செய்யக் கூடாத நேரமும் உண்டு

2017 ஜூலை கடைசியில் நாட்டின் பல இடங்களில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்களை ஒரு மால்வேர் தாக்கியது. சுமார் 60,000 மோடம்கள் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்திகள் வந்தன. மாட்டியவை admin என்ற யூசர்நேமும் admin என்ற பாஸ்வேர்டும் மாற்றப்படாமல் இருந்தவை. பாஸ்வேர்டை மாற்றும்படி வாடிக்கையாளர்களை நிறுவனம் கேட்டுக்கொண்டது. ரீசெட் செய்பவர்கள் மறந்துவிடும் விஷயம் இதுதான்: ரீசெட் உங்கள் ரவுட்டரை அந்த ஆரம்ப பாஸ்வேர்டுக்கே கொண்டுபோய் விடுகிறது. நெட் வந்துவிட்ட நிம்மதியில் அதை மாற்றாமல் விட்டால் கதவு திறந்தே கிடக்கும்.

அடுத்த ஆண்டு மே மாதம் VPNFilter என்ற இன்னொரு மால்வேர் வெளிச்சத்துக்கு வந்தது. 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளில் அது புகுந்திருந்ததாக சிஸ்கோவின் டாலோஸ் ஆய்வுக் குழு சொன்னது. ரவுட்டர்களை ரீபூட் செய்யுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. ஆனால் அந்த மால்வேரின் முதல் பகுதி ரீபூட்டுக்குப் பிறகும் உயிரோடு இருக்கும். அதைத் துடைக்க ஃபேக்டரி ரீசெட் தேவைப்பட்டது.

இப்படிப்பட்ட சந்தேகத்தில் ரீசெட் செய்தால் பழைய ஃபைலை ரீஸ்டோர் செய்வது கெட்டிக்காரத்தனம் இல்லை. யாரோ உள்ளே நுழைந்து DNS முகவரியை மாற்றி, நீங்கள் வங்கியின் பெயரை டைப் செய்தால் போலி வங்கிப் பக்கத்துக்குக் கொண்டுபோகும்படி செய்திருந்தால், அதன் பிறகு எடுத்த பேக்கப்பில் அந்த மாற்றமும் பத்திரமாக இருக்கும். ரீஸ்டோர் செய்த நிமிடத்தில் அதையும் நீங்களே திரும்ப அழைத்து உட்கார வைக்கிறீர்கள். அப்போது தாளை வைத்துக் கையால் போடுவதுதான் சரி. வைஃபை பாஸ்வேர்டையும் அந்த ஒரு முறை மட்டும் புதிதாக வைக்க வேண்டும், ஏணி போட வேண்டியிருந்தாலும்.

தாளை யார் கொடுப்பது?

மேலே சொன்ன எல்லாவற்றிலும் வாடிக்கையாளரால் தானாகச் சேகரிக்க முடியாதவை மூன்று: PPPoE யூசர்நேம், அதன் பாஸ்வேர்டு, VLAN ID. மற்றவை எல்லாம் பெட்டியின் அடியிலோ செட்டிங் பக்கத்திலோ கிடைத்துவிடும். இந்த மூன்றையும் இணைப்பு கொடுக்கும் நாளில் டெக்னீஷியன் டைப் செய்கிறார். எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது அரிது.

ஆபரேட்டர்கள் பக்கத்தில் ஒரு தயக்கம் இருக்கிறது, அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. விவரத்தைக் கொடுத்தால் வாடிக்கையாளர் அதை இன்னொருவருக்குக் கொடுத்து, ஒரு கட்டணத்தில் இரண்டு வீடு ஓட்டுவார் என்ற பயம். ஆனால் அதைத் தடுக்கும் வசதி அவர்கள் கையிலேயே இருக்கிறது. ஒரு யூசர்நேமில் ஒரே நேரத்தில் ஒரு இணைப்பு மட்டும் என்று சர்வரில் கட்டுப்பாடு வைக்கலாம். பெட்டியின் சீரியல் எண் பதியப்படாமல் ஃபைபரில் யாரும் உள்ளே வரவும் முடியாது. "கஸ்டமர் கண்டதையும் மாத்திடுவாங்க, அப்புறம் எங்களைத்தான் கூப்பிடுவாங்க" என்பது இன்னொரு வாதம். விவரம் இல்லாமலும் சேஃப்டி பின்னால் குத்திவிட்டு உங்களைத்தானே கூப்பிடுகிறார்கள்!

வாழவந்தி நாடு, அரியூர் நாடு, வளப்பூர் நாடு என்று கொல்லிமலையில் ஊராட்சிகளுக்கே நாடு என்றுதான் பெயர். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் பாரத்நெட் திட்டத்தை டான்ஃபிநெட் நிறுவனம் செயல்படுத்துகிறது. இழை ஊராட்சி வரைக்கும் வந்த பிறகு வீட்டுக்குள் நுழையும் கடைசித் துண்டில் இருக்கும் பெட்டியை யாராவது ஒருவர் எப்போதாவது ரீசெட் செய்யத்தான் போகிறார். இணைப்புக்குப் பணம் வாங்கும்போது ஒரு ரசீது கொடுக்கிறார்களே, அதன் பின்பக்கத்தில் இந்த மூன்று வரிகளை எழுதிக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். கொடுக்காவிட்டால் வாடிக்கையாளர் கேட்டு வாங்க வேண்டும். டெக்னீஷியன் வாசலில் செருப்பு மாட்டும் முன்பே கேட்பது நல்லது, ஏனென்றால் அவர் அடுத்து எப்போது மேலே வருவார் என்பது மழையைப் பொறுத்தது. தாளை ரவுட்டர் பெட்டியின் மேலேயே ஒட்டக் கூடாது, அறைக்கு வரும் விருந்தினர் யாரும் படித்துவிடலாம். ரேஷன் கார்டும் மின் கட்டண அட்டையும் இருக்கும் கவரிலேயே அதையும் வைத்துவிடலாம்.